0.943-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

*"சார், திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் 412 பேரிடம் பத்துக் கேள்வி மன அழுத்த அளவுகோலைத் தமிழில் கொடுத்து வாங்கினேன். ஏமோஸ் மென்பொருளில் இரண்டு காரணி மாதிரியை ஓட்டினால் சிஎஃப்ஐ 0.943, ஆர்எம்எஸ்இஏ 0.072, கை-ஸ்கொயரை டிஎஃப்பால் வகுத்தால் 3.13 வருகிறது. சிஎஃப்ஐ 0.95 வரணும், வகுத்தது 3-க்குக் கீழே இருக்கணும்ங்கிறார் கைடு. மாடிஃபிகேஷன் இண்டெக்ஸ் காட்டுற ரெண்டு கோட்டைப் போட்டால் எல்லாமே வந்துடுது. போடலாமா? இல்லை, இந்த அளவுகோல் நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சரிவரலைன்னு எழுதணுமா? சோமனூர் விசைத்தறிக்காரங்க 205 பேரோட தரவும் கையில இருக்கு. ரெண்டு கோப்பையும் அனுப்பியிருக்கேன்."*

இரண்டு கோடுகளில் ஒன்றைப் போடலாம், இன்னொன்றைப் போடக்கூடாது. பத்துக் கேள்விகளுக்கும் பின்னால் இரண்டு மறைவான பொருள்கள் இருக்கின்றன என்ற இரண்டு காரணி அமைப்பு உங்கள் தரவில் பெரும்பாலும் நிற்கிறது. ஆனால் சிஎஃப்ஐ வாயே திறக்காத ஒரு பலவீனம் ஏழாவது கேள்வியில் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் முதலில் எழுத வேண்டும். இதற்கெல்லாம் எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்கிறேன். கோப்புகளை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் மூன்று எண்களும் மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் குறியீடுகள். முதலில் அந்த 3.13-ஐ ஒதுக்கிவிடுவோம், அது சுலபம். உங்கள் மாதிரியின் கை-ஸ்கொயர் 106.4, டிஎஃப், அதாவது விடுதலைப் பாகை, 34. கை-ஸ்கொயர் என்பது ஆட்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து பெருகும் எண். மாதிரிக்கும் தரவுக்கும் உள்ள இடைவெளி கொஞ்சமும் மாறாமல், 412 பேருக்குப் பதிலாக 250 பேரிடம் மட்டும் நீங்கள் வாங்கியிருந்தால் கை-ஸ்கொயர் 78 பக்கம் வந்திருக்கும். 34-ஆல் வகுத்தால் 2.3. கைடு தலையாட்டியிருப்பார். அதாவது சித்திரை வெயிலில் கூடுதலாக 162 பேரைத் தேடிப் போனதற்கு இந்த விதி உங்களுக்கு அபராதம் போடுகிறது. ஆய்வேடுகளில் இதை இன்னும் ஏன் எழுதச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஜிஎஃப்ஐ என்ற பொருத்த எண்ணும் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறுவதுதான், அதையும் விட்டுவிடுங்கள்.

ஆர்எம்எஸ்இஏ இந்தப் பெருக்கத்தைச் சரிசெய்துகொள்கிறது:

```
RMSEA = sqrt( (χ² − df) / (df × (N − 1)) )
      = sqrt( (106.4 − 34) / (34 × 411) ) = 0.072
```

ஒரு டிஎஃப்புக்கு எவ்வளவு பிசகு என்பதுதான் இதன் பொருள். சிஎஃப்ஐ வேறு வழியில் போகிறது. கேள்விகளுக்குள் எந்த உறவுமே இல்லை என்று வைத்துக்கொண்டு ஓட்டும் அடிப்படை மாதிரி ஒன்று உண்டு. உங்கள் தரவில் அதன் கை-ஸ்கொயர் 1325, டிஎஃப் 45. அந்தப் படுமோசமான நிலையிலிருந்து உங்கள் மாதிரி எவ்வளவு தூரம் மேலே ஏறி வந்திருக்கிறது என்பதே சிஎஃப்ஐ. 1280 அலகுப் பிசகில் 72 மிச்சம் இருக்கிறது, அதனால் 0.943.

இப்போது 0.95 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1999-இல் ஹூவும் பென்ட்லரும் கணினியில் செயற்கைத் தரவுகளை உருவாக்கி ஒரு பெரிய சோதனை செய்தார்கள். பதினைந்து மாறிகள், மூன்று காரணிகள், காரணிச் சுமைகள், அதாவது ஒவ்வொரு மாறியும் தன் காரணியோடு எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்ற எண்கள், எல்லாம் 0.70-க்கும் 0.80-க்கும் இடையில். அதில் தெரிந்தே சில தவறான மாதிரிகளைப் பொருத்திப் பார்த்து, எந்த எல்லைக்கோடு போட்டால் தவறான மாதிரிகள் அதிகம் பிடிபடும், சரியானவை அநாவசியமாகத் தள்ளுபடி ஆகாது என்று தேடினார்கள். சிஎஃப்ஐ 0.95 பக்கம், ஆர்எம்எஸ்இஏ 0.06 பக்கம், மாதிரிக்கும் தரவுக்கும் உள்ள இடைவெளிகளின் சராசரி அளவான எஸ்ஆர்எம்ஆர் 0.08 பக்கம் என்ற எண்கள் அங்கிருந்து வந்தவை. அந்த அமைப்புக்கு அவை நல்ல எண்கள். பத்துக் கேள்வி, இரண்டு காரணி, 0.36 முதல் 0.74 வரை சிதறிக் கிடக்கும் சுமைகள் என்று இருக்கும் உங்கள் தரவுக்கு அதே கோடு பொருந்தும் என்று அவர்கள் சொல்லவில்லை. 2004-இல் மார்ஷ், ஹாவ், வென் மூவரும் இந்த எண்களைப் பொன்விதியாக்கியதைக் கண்டித்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். அது பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது, ஆனாலும் விதி அசையவில்லை.

சுமைகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். விஷயத்தின் குழப்பம் முழுக்க இங்கேதான்.

உண்மையில் இரண்டு காரணிகள் இருக்கின்றன, அவற்றுக்கு இடையே ஒப்புறவு, அதாவது கோரிலேஷன், 0.7 என்று வையுங்கள். ஒருவர் அதைத் தெரியாமல் எல்லாம் ஒரே காரணிதான் என்று மாதிரி போடுகிறார். தவறு ஒன்றுதான். இப்போது எல்லாக் கேள்விகளின் சுமையும் 0.8 என்றால், ஒரே காரணியைச் சேர்ந்த இரண்டு கேள்விகளுக்கு இடையே ஒப்புறவு 0.8 × 0.8, அதாவது 0.64. வெவ்வேறு காரணியைச் சேர்ந்த கேள்விகளுக்கு இடையே 0.64 × 0.7, அதாவது 0.45. இந்த 0.64-ஐயும் 0.45-ஐயும் ஒற்றைக் காரணி மாதிரியால் ஒருசேர விளக்க முடியாது. குறியீடுகள் எல்லாம் சிவப்பு விளக்கு காட்டும். சரி, இப்போது சுமையை 0.5 ஆக்குங்கள். உள்ளே 0.25, குறுக்கே 0.175. வித்தியாசம் வெறும் 0.075. அதே தவறு, ஆனால் எச்சங்கள், அதாவது மாதிரி எதிர்பார்ப்பதற்கும் தரவில் இருப்பதற்கும் உள்ள இடைவெளிகள், மிகச் சிறியவை. ஆர்எம்எஸ்இஏவும் எஸ்ஆர்எம்ஆரும் "பிரமாதம்" என்று சொல்லிவிடும்.

ஆக, கேள்விகள் மோசமாக இருக்க இருக்கப் பொருத்தம் நன்றாகத் தெரியும். கேள்விகள் கூர்மையாக இருந்தால் சின்னப் பிசகும் பெரிதாகத் தெரியும். நல்ல கேள்விகளை வைத்திருப்பவர் 0.94 வாங்குவதும், சொத்தைக் கேள்விகளை வைத்திருப்பவர் 0.97 வாங்குவதும் சாதாரணமாக நடக்கிறது. எனவே ஒரு ஆய்வேட்டில் குறியீட்டு அட்டவணை இருந்து, பக்கத்தில் சுமைகளின் அட்டவணை இல்லையென்றால், அந்தக் குறியீடுகளை நான் படிப்பதே இல்லை.

இனி உங்கள் தரவுக்கு வருவோம். நீங்கள் பயன்படுத்தியது ஷெல்டன் கோஹனின் அளவுகோல். 1983-இல் பதினான்கு கேள்விகளோடு வந்து, 1988-இல் பத்தாகச் சுருங்கியது. ஆறு கேள்விகள் எதிர்மறையானவை: சமாளிக்க முடியவில்லை, கைமீறிப் போகிறது என்ற ரகம். நான்கு, ஐந்து, ஏழு, எட்டு ஆகிய நான்கும் நேர்மறையானவை: நம்பிக்கை இருந்தது, காரியங்கள் கைக்குள் இருந்தன என்ற ரகம். அப்போதே கோஹனும் வில்லியம்சனும் இவை இரண்டு காரணிகளாகப் பிரிவதைப் பார்த்தார்கள், ஆனால் அந்தப் பிரிவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பின் பல நாடுகளில் பலர் இரண்டு காரணியையே கண்டிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் சோதிக்கும் அமைப்பு வானத்திலிருந்து விழுந்ததல்ல, முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட ஒன்று. இது உங்களுக்குப் பெரிய பலம்.

பத்துக் கேள்விகள் என்றால் 45 ஒப்புறவுகள். உங்கள் மாதிரி அந்த 45-ஐயும் மறுபடி உருவாக்கிக் காட்ட முயல்கிறது. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு இடைவெளி விழும். சிஎஃப்ஐ, ஆர்எம்எஸ்இஏ எல்லாமே அந்த இடைவெளிகளை ஒரே எண்ணாகச் சுருட்டித் தருபவை. திருப்பூர்க்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை: துணி ரோலின் எடைக் கணக்கான ஜிஎஸ்எம் சராசரி சரியாக இருந்தும், நடுவில் ஊசிப் பழுதால் வரும் நீடில் லைன் ஒன்று ஓடினால் செக்கிங்கில் தள்ளிவிடுவார்கள். ஆகவே ரோலை விரித்துப் பார்க்க வேண்டும். ஏமோஸிலும் எச்சங்களைக் கேட்டால் தரும். நான் ஆர் மென்பொருளின் லாவான் தொகுப்பில் ஓட்டினேன்:

```
library(lavaan)
m2 <- '
  neg =~ q1 + q2 + q3 + q6 + q9 + q10
  pos =~ q4 + q5 + q7 + q8
'
f2 <- cfa(m2, data = tiruppur)
fitMeasures(f2, c("chisq","df","cfi","rmsea","srmr"))
residuals(f2, type = "cor")
modindices(f2, sort. = TRUE, maximum.number = 10)
```

எஸ்ஆர்எம்ஆர் 0.046. அதாவது 45 இடைவெளிகள் சராசரியாகச் சின்னவைதான். விரித்துப் பார்த்தால் ஒரே ஒரு இடம் பளிச்சென்று தெரிகிறது. முதல் கேள்விக்கும் ஒன்பதாம் கேள்விக்கும் இடையே மாதிரி எதிர்பார்க்கும் ஒப்புறவு 0.45 (சுமைகள் 0.68, 0.66, பெருக்கிப் பாருங்கள்). தரவில் இருப்பது 0.60. எச்சம் 0.15. மற்ற எதுவும் 0.10-ஐத் தாண்டவில்லை. உங்கள் 72 அலகுப் பிசகில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஜோடியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்த இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்று, எதிர்பாராமல் ஏதோ நடந்ததால் மனம் குலைந்தீர்களா என்கிறது. மற்றது, உங்கள் கையில் இல்லாத விஷயங்களால் கோபம் வந்ததா என்கிறது. வெளியிலிருந்து வந்து விழுந்த ஒன்றுக்கு உணர்ச்சி பொங்கியதா என்பதுதான் இரண்டும். மற்ற நான்கு எதிர்மறைக் கேள்விகளில் சமாளிப்பு, பதற்றம், சுமை ஏறுவது வருகின்றன. இந்த வகைப் பொங்கல் இல்லை. அப்படியானால் மன அழுத்தம் என்ற பொதுக் காரணிக்கு மேலே இந்த இரண்டும் இன்னொரு துளியைப் பகிர்ந்துகொள்வதில் ஆச்சரியமில்லை. ஒரு கோட்டைச் சேர்த்தால் கை-ஸ்கொயர் ஏறக்குறைய எவ்வளவு குறையும் என்று சொல்லும் மாடிஃபிகேஷன் இண்டெக்ஸ் இங்கே 37.2 காட்டுகிறது. இந்த இரண்டின் பிழைகளுக்கு இடையே வளைந்த அம்பு ஒன்றைப் போட்டால் கை-ஸ்கொயர் 67.1 ஆகிறது, டிஎஃப் 33. சிஎஃப்ஐ 0.973, ஆர்எம்எஸ்இஏ 0.050.

உங்கள் இரண்டாவது கோடு மூன்றாம் கேள்விக்கும் எட்டாம் கேள்விக்கும் இடையில். இண்டெக்ஸ் 11.8. அதையும் போட்டால் சிஎஃப்ஐ 0.98 ஆகிறது. ஆனால் பதற்றமாக இருந்தேன் என்பதும் எல்லாம் என் பிடியில் இருந்தது என்பதும் மற்ற எதிரும்புதிருமான ஜோடிகளைவிட எந்த வகையில் தனியாக ஒட்டுகின்றன? நான் யோசித்துப் பார்த்தேன், ஒரு காரணமும் அகப்படவில்லை. உங்களுக்கும் அகப்படாது என்று நினைக்கிறேன். அகப்பட்டாலும் அது எண்ணைப் பார்த்த பிறகு கட்டிய கதையாக இருக்கும். நாற்பதுக்கும் மேற்பட்ட சாத்தியமான கோடுகளில் மிகப் பெரியதைத் தேடி எடுக்கிறோம். அப்படித் தேடினால், மாதிரி முழுக்கச் சரியாக இருந்தாலும், ஒன்றிரண்டு தற்செயலாக உயர்ந்து நிற்கும். 1992-இல் மெக்கல்லம், ரோஸ்னோவ்ஸ்கி, நெகோவிட்ஸ் இதைத்தான் காட்டினார்கள்: ஒரே தரவிலிருந்து வேறு வேறு சாம்பிள் எடுத்தால், இண்டெக்ஸ் பரிந்துரைக்கும் திருத்தங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

இங்கேதான் உங்கள் சோமனூர் தரவு தங்கம். பெரும்பாலான மாணவர்கள் இரண்டு தரவையும் ஒன்றாகக் கொட்டி 617 பேர் என்று ஓட்டிவிடுவார்கள். நீங்கள் தனியாக வைத்திருக்கிறீர்கள், நல்லது. திருப்பூரில் முடிவு செய்த மாதிரியைப் பூட்டிவிடுங்கள். அப்புறம் சோமனூரைத் திறங்கள். அங்கே இண்டெக்ஸைப் பார்த்து எதையும் சேர்க்கக்கூடாது, ஏற்கெனவே எழுதி வைத்ததை மட்டும் கேட்க வேண்டும்.

கேட்டால் இப்படி வருகிறது. கோடு ஏதும் இல்லாத மாதிரிக்கு கை-ஸ்கொயர் 71.3, டிஎஃப் 34, சிஎஃப்ஐ 0.940, ஆர்எம்எஸ்இஏ 0.073. திருப்பூரின் எண்களோடு கிட்டத்தட்ட ஒட்டிப் போகிறது. ஒன்று–ஒன்பது கோட்டைப் போட்டதும் 50.8, டிஎஃப் 33, சிஎஃப்ஐ 0.971, ஆர்எம்எஸ்இஏ 0.051. பிழை ஒப்புறவு திருப்பூரில் 0.31, சோமனூரில் 0.28. இது நிஜமாகவே கேள்விகளில் இருக்கும் ஒட்டுதல், ஒரு ஊரின் தற்செயல் அல்ல. மூன்று–எட்டு கோடு? சோமனூரில் அதன் இண்டெக்ஸ் 0.6. அதாவது ஒன்றுமே இல்லை. திருப்பூரில் அதைப் போட்டு 0.98 என்று எழுதியிருந்தால், அந்த ஊரின் அந்த 412 தாள்களில் இருந்த இரைச்சலுக்கு நீங்கள் அம்பு வரைந்திருப்பீர்கள்.

இரண்டாவது தரவு இல்லாதவர்கள் முதல் தரவையே குலுக்கி இரண்டாகப் பிரித்துச் செய்யலாம். 412-ஐப் பிரித்தால் பாதிக்கு 206, பத்துக் கேள்விக்குத் தாங்கும். ஆனால் அது வேறு ஊர், வேறு தொழில் என்ற சோதனைக்கு ஈடாகாது. ஒரே நாளில், ஒரே யூனிட்டில், ஒரே ஆள் வாசித்துக் காட்டி வாங்கிய தாள்களின் குறை இரண்டு பாதியிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இப்போது ஏழாவது கேள்வி. எரிச்சலைக் கட்டுப்படுத்த முடிந்ததா என்பது. திருப்பூரில் இதன் சுமை 0.36, சோமனூரில் 0.29. வர்க்கம் எடுத்தால் 0.13, 0.08. அதாவது இந்தக் கேள்விக்கு ஒருவர் கொடுத்த பதிலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் காரணிக்குச் சம்பந்தம். மற்ற மூன்று நேர்மறைக் கேள்விகளும் 0.70-ஐ ஒட்டி நிற்கும்போது இது மட்டும் தனியாகக் கிடக்கிறது. ஆனாலும் இதன் எச்சங்கள் எல்லாம் சின்னவை. ஏன்? சுமை குறைவு என்றால் மாதிரி எதிர்பார்ப்பதும் குறைவு. எதிர்பார்ப்பு குறைந்த இடத்தில் ஏமாற்றமும் இல்லை. சிஎஃப்ஐக்கு இந்தக் கேள்வியால் ஒரு வருத்தமும் கிடையாது.

காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டால், எனக்கு ஒரு ஊகம் உண்டு. பல்லடம் பக்கம் ஒரு தையல் யூனிட்டில் இதே ரகக் கேள்வியை நான் வாசித்தபோது ஓவர்லாக் மெஷினில் இருந்த ஒரு அம்மா சொன்னது: "கட்டுப்படுத்தித்தானுங்க ஆகோணும். லைன்ல உக்காந்துட்டு எரிஞ்சு விழுந்தா நாளைக்கு வரச் சொல்லுவாங்களா?" அவர் அடிக்கடி என்ற கட்டத்தில் டிக் போடச் சொன்னார். கேள்வியை எழுதியவர் அந்த டிக்கை மன உறுதியின் அடையாளமாகக் கணக்கு வைப்பார். அந்த அம்மாவுக்கோ அது அழுத்தத்தின் அடையாளம். ஷிப்மெண்ட் நெருங்க நெருங்க எரிச்சலும் கூடுகிறது, அடக்குவதும் கூடுகிறது. ஒருவருக்கு ஒரு பொருள், இன்னொருவருக்கு நேரெதிர்ப் பொருள் என்றால் சுமை நடுவில் எங்கோ பூஜ்யத்தை நோக்கித்தான் சரியும். இது ஊகம்தான். பத்துப் பேரை உட்கார வைத்து, இந்தக் கேள்வியைப் படித்ததும் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். ஆய்வேட்டில் அந்த ஒரு பக்கம், மூன்று பக்கக் குறியீடுகளைவிடப் பயன்படும். அதுவரை ஏழாவது கேள்வியைத் தூக்கிவிடாதீர்கள், பலவீனமானது என்று சொல்லிவிட்டு வைத்திருங்கள். தூக்கினால் மற்றவர்களின் ஆய்வோடு உங்கள் மதிப்பெண்ணை ஒப்பிட முடியாமல் போய்விடும்.

பத்துக் கேள்வியையும் கூட்டி ஒரே மதிப்பெண் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் நான்காம் அத்தியாயத்தில் போட்டிருக்கிறீர்கள். ஒற்றைக் காரணி மாதிரியை ஓட்டினேன்: கை-ஸ்கொயர் 298.6, டிஎஃப் 35, சிஎஃப்ஐ 0.794, ஆர்எம்எஸ்இஏ 0.135. இது எல்லைக்கோட்டுச் சண்டை இல்லை. எந்த விதியை வைத்துப் பார்த்தாலும் நிற்காது. நேர்மறைக் கேள்விகளின் மதிப்பெண்ணைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட பின் இரண்டு காரணிகளுக்கும் ஒப்புறவு 0.58. உறவு உண்டு, ஆனால் ஒன்று அல்ல.

இதில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவசரத்தில் பத்துக்கும் ஒரே கட்டத்தில் டிக் போட்டு நீட்டியவர்கள் இருந்தால், அவர்களே இந்தப் பிரிவை உண்டாக்கிவிட முடியும். கஷ்டம் அதிகம் என்றும் நம்பிக்கை அதிகம் என்றும் ஒரே நேரத்தில் பதில் வந்துவிடுமே. திருப்பிப் போடுவதற்கு முந்தைய தாள்களைப் பார்த்தேன். 23 பேர் அப்படி இருக்கிறார்கள். அவர்களை நீக்கியதும் காரணி ஒப்புறவு 0.64-க்கு ஏறியது. ஒற்றைக் காரணியின் சிஎஃப்ஐ 0.82-ஐத் தாண்டவில்லை. ஆகப் பிரிவின் ஒரு பங்கு அசிரத்தை, பெரும்பங்கு அதுவல்ல. மீதி, நேர்மறையாகக் கேட்பதால் மட்டும் வரும் விளைவா, உண்மையிலேயே தன்னம்பிக்கை என்ற தனிப்பொருளா என்பதை இந்தக் குறியீடுகள் சொல்லாது. இரண்டு விளக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே பொருத்தம்தான் வரும். அதைப் பிரித்தறிய வெளியே போக வேண்டும்: தூக்கம், விடுப்பு நாட்கள் போன்றவற்றோடு இரண்டு காரணியும் வெவ்வேறு விதமாக உறவாடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இப்போதைக்கு இரண்டு மதிப்பெண்களாகவே எழுதுங்கள்.

ஒரு குறுக்கு வழியை யாராவது சொல்வார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஐந்து கட்டப் பதில்களைத் தொடர் எண்ணாக எடுக்கக்கூடாது, வரிசைத் தரவாக எடுத்து `WLSMV` முறையில் ஓட்டு என்பார்கள். ஏமோஸில் அது கிடையாது, லாவானில் உண்டு. கொள்கையளவில் நல்ல ஆலோசனைதான், நான்கைந்து கட்டங்களில் பதில்கள் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் அவசியமும்கூட. ஆனால் அப்படி ஓட்டும்போது சிஎஃப்ஐ பொதுவாகவே மேலே போகும். மாதிரி திருந்தியதால் அல்ல, அளவிடும் முறை மாறியதால். 0.95 என்ற கோடு வேறு மதிப்பீட்டு முறைக்கு வரைந்தது. அங்கே 0.97 வந்துவிட்டது என்று அதே கோட்டைக் காட்டி வெற்றி கொண்டாடக்கூடாது. 2019-இல் ஷியாவும் யாங்கும் இதைத் தெளிவாகவே காட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக, திருப்பூரையும் சோமனூரையும் ஒப்பிட்டு யாருக்கு அழுத்தம் அதிகம் என்று எழுதும் திட்டம் உங்கள் முன்வரைவில் இருக்கிறது. அமைப்பு இரண்டு இடத்திலும் நிற்கிறது என்பது அதற்குப் போதாது. இரண்டு குழுவையும் ஒன்றாக ஓட்டி, படிப்படியாக இறுக்க வேண்டும். அமைப்பு மட்டும் ஒன்று என்றபோது சிஎஃப்ஐ 0.973. சுமைகளும் சமம் என்று கட்டியபோது 0.971, 0.01-க்கு மேல் விழுந்தால் யோசிக்க வேண்டும் என்பது 2002-இல் சியுங்கும் ரென்ஸ்வோல்டும் சொன்ன அளவு, இது அதற்குள்தான். மூன்றாவது படியாக, ஒவ்வொரு கேள்வியின் தொடக்க மட்டமும் சமம் என்று கட்டியதும் 0.954-க்கு விழுந்துவிட்டது. எந்தக் கேள்வி என்று தேடினால் ஆறாவது: செய்ய வேண்டிய வேலைகளையெல்லாம் சமாளிக்க முடியவில்லையா என்பது. ஒரே அளவு மன அழுத்தம் உள்ள இருவரில் சோமனூர்க்காரர் இதில் அதிகமாக டிக் போடுகிறார். ஒரே ஆள் பல தறிகளை ஓடி ஓடிப் பார்க்கிற கூலித் தறியில் அந்தக் கேள்வி மனநிலையைக் கேட்பதாகப் படுவதில்லை, வேலையின் கணக்கைக் கேட்பதாகவே படும். அந்த ஒரு கேள்வியின் மட்டத்தை மட்டும் இரண்டு ஊருக்கும் தனித்தனியாக விட்டால் சிஎஃப்ஐ 0.968-க்குத் திரும்புகிறது. அதற்குப் பிறகு எதிர்மறைக் காரணியில் சோமனூர் 0.20 திட்ட விலக்கம் மேலே இருக்கிறது. அப்படித் தனியாக விடாமல் கணக்கிட்டால் 0.31. ஒப்பிடும் அட்டவணையில் முதல் எண்ணைப் போடுங்கள், இரண்டாவதை அடிக்குறிப்பில் காரணத்தோடு போடுங்கள்.